அப்பாயின்ட்மென்ட் தேதியை மாற்றும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி
(வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஊரில் இருக்கும் குடும்பத்தாருக்கும்)



நம் ஊரில் பல வீடுகளில் வயதான தாய் தந்தையர் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் சவூதியிலும் துபாயிலும் இருந்துகொண்டு, பெரிய டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் போடுவதையும் தேதி மாற்றுவதையும் அங்கிருந்தே போனில் செய்கிறார்கள். இதில் எங்கே பிசகு நேருகிறது என்பதை, சில மாதங்களுக்கு முன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் விஷயத்தை வைத்து விளக்குகிறோம். குடும்பத்தார் அனுமதியோடுதான் எழுதுகிறோம். பெயர்கள் தேவையில்லை.

வாப்பாவுக்கு 74 வயது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய். அதனால் வலது கண்ணின் விழித்திரை நடுவில் நீர் கோத்துப் பார்வை மங்கியது. அதற்குக் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். ஒரே ஊசியில் முடிகிற வைத்தியம் அல்ல இது. ஆரம்பத்தில் மாதம் ஒன்று வீதம் சில ஊசிகள் தொடர்ந்து போட வேண்டும். பிறகு கண்ணின் நிலையைப் பார்த்து டாக்டர் இடைவெளியைக் கூட்டுவார். ஊசி மருந்தின் வேலை சில வாரங்களில் குறைந்துவிடும் என்பதால், அடுத்த ஊசி தள்ளிப்போனால் வற்றிய நீர் மறுபடி கோக்கும். அப்படி நீண்ட நாள் நீர் தங்கினால் விழித்திரை கெட்டு, பின்னர் ஊசி போட்டாலும் இழந்த பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

இவருக்கு முதல் ஊசி அக்டோபர் 9ஆம் தேதி போடப்பட்டது. இரண்டாவதற்கு நான்கு வாரம் கழித்து நவம்பர் 6, வியாழன் காலை என்று தேதி கொடுத்திருந்தார்கள். ரியாதில் இருக்கும் மகன் நவம்பர் முதல் வாரம் விடுமுறையில் வந்து தானே அழைத்துப் போவதாக ஏற்பாடு. கம்பெனியில் விடுமுறையைத் தள்ளிவிட்டார்கள். 22ஆம் தேதிதான் ஊர் வர முடியும் என்றானதும், அக்டோபர் 27 இரவு மருத்துவமனையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அவர் இப்படி எழுதினார்: "வாப்பாவை 6ஆம் தேதி கூட்டி வர முடியாது. நான் ஊர் வந்ததும் 24ஆம் தேதிக்கு மேல் வருகிறோம்."

இந்த இரண்டு வரியில் மூன்று குறைகள் இருந்தன.

முதலாவது, இது யாருடைய அப்பாயின்ட்மென்ட் என்பதே அதில் இல்லை. மகனின் எண்ணிலிருந்து வந்த செய்தியில் நோயாளியின் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. நம்மவர் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். முஹம்மது என்பதை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒரு சீட்டில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும். எனவே மருத்துவமனை அட்டையில் உள்ளபடியே பெயரையும், எம்.ஆர். நம்பர் எனப்படும் பதிவு எண்ணையும் எழுத வேண்டும். அந்த அட்டையை ஒரு போட்டோ எடுத்துப் பிள்ளைகள் எல்லோரும் போனில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, "வர முடியாது" என்ற சொல். வரவேற்பு மேசையில் இருப்பவர் அதை ரத்து என்றே எடுத்துக்கொண்டார். 6ஆம் தேதி இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். "24க்கு மேல்" என்பது ஒரு தேதி அல்ல என்பதால் புதிதாக எதுவும் பதியவில்லை. மகனோ தேதி மாறிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார். புதிய தேதியும் நேரமும் எழுத்தில் வரும்வரை பழைய தேதியை விடக்கூடாது. "ரத்து செய்ய வேண்டாம், மாற்றித் தாருங்கள், புதிய தேதி உறுதியாகும்வரை பழையது இருக்கட்டும்" என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது. மகன் தன் விடுமுறையை வைத்துத் தேதியைத் தீர்மானித்தார். 24ஆம் தேதி என்றால் முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும் இடையே ஆறரை வாரம். அதைக் கண் தாங்குமா என்று யாரும் டாக்டரைக் கேட்கவில்லை. வாப்பாவைக் கேட்டதற்கு, "எனக்கு ஒன்றும் இல்லை, நீ வந்ததும் போகலாம்" என்றிருக்கிறார். பிள்ளைக்குச் சிரமம் வேண்டாம் என்று பெற்றோர் சொல்லும் வார்த்தை அது. அதை மருத்துவக் கருத்தாக எடுத்துக்கொள்ள முடியாது.

வாப்பா நம் அலுவலகத்துக்கு வேறொரு வேலையாக வந்தபோது பேச்சுவாக்கில் இது தெரியவந்தது. அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை காலை நாம் மகனோடு பேசினோம். அன்று அவருக்கு விடுமுறை. மற்ற நாட்களில் அவர் வேலை முடிவது மாலை 5 மணிக்கு. அப்போது இங்கே இரவு 7.30. மருத்துவமனை அலுவலகம் மூடியிருக்கும். ரியாத் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. துபாய் ஒன்றரை மணி. சவூதியில் இருப்பவர்களுக்கு வெள்ளி காலைதான் இங்குள்ள அலுவலகங்களோடு நிதானமாகப் பேசத் தோதான நேரம். ஞாயிறன்று இங்கே புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் இருக்காது. ஆகவே வெள்ளியை விட்டால் மூன்று நாள் போய்விடும்.

பேசி முடித்தபின் மகன் எழுதிய செய்தி இது. பெயர், எண்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.

"மதிப்பிற்குரிய விழித்திரைப் பிரிவு அலுவலருக்கு. நோயாளி என் தந்தை. அட்டையில் உள்ள பெயரும் பதிவு எண்ணும் கீழே. வயது 74. வலது கண்ணில் அக்டோபர் 9 அன்று முதல் ஊசி போடப்பட்டது. இரண்டாவது ஊசிக்கு நவம்பர் 6, வியாழன் காலை 10 மணி கொடுத்திருந்தீர்கள். 27ஆம் தேதி நான் அனுப்பிய செய்தி ரத்துக்காக அல்ல. அன்று அழைத்து வர வீட்டில் ஆள் இல்லாததால் தேதியை மாற்றக் கேட்டேன்.

இந்த ஊசியை எந்தத் தேதிவரை தள்ளலாம் என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அதற்குள் எங்களுக்கு இயலும் நாட்கள்: நவம்பர் 10 திங்கள், நவம்பர் 13 வியாழன். இரண்டும் தள்ளிப்போகக் கூடாது என்று டாக்டர் சொன்னால், 6ஆம் தேதியே வேறு ஏற்பாட்டில் அனுப்புகிறோம். அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்றும் தெரிவியுங்கள்.

உடன் வருபவர் என் சகோதரியின் கணவர். அவர் உள்ளூர் எண் கீழே. நான் சவூதியில் இருப்பதால் பகலில் எடுக்க இயலாமல் போகலாம். தேதி பற்றிய அழைப்பும் நினைவூட்டுச் செய்தியும் அவர் எண்ணுக்கே வரட்டும். தந்தை சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்திற்கும் மாத்திரையும், ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் எடுக்கிறார். இப்போது காய்ச்சலோ கண் சிவப்போ இல்லை."

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. "எந்தத் தேதிவரை தள்ளலாம்" என்ற கேள்வியை வரவேற்பு மேசையில் இருப்பவர் தாமாகத் தீர்மானிக்க முடியாது. அது டாக்டரிடம் போயே ஆக வேண்டும். அதற்காகத்தான் அது முதலில் வருகிறது. அந்த டாக்டர் திங்களும் வியாழனும்தான் அங்கே பார்க்கிறார் என்பதை அட்டையில் பார்த்து, அந்தக் கிழமைகளிலேயே இரண்டு தேதி கொடுத்தோம். "ஏதாவது ஒரு நாள்" என்று எழுதினால் மறுபடி போன், மறுபடி காத்திருப்பு என்று நாள் ஓடும்.

உள்ளூர் எண் கொடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. அட்டையில் பதிந்திருந்தது மகனின் இந்திய சிம். அது ரியாதில் அவர் பெட்டிக்குள் அணைந்து கிடந்தது. மருத்துவமனை அனுப்பும் செய்தியும், சரிபார்ப்பு எண்ணும் அங்கே போனால் யார் பார்ப்பது? அடுத்த முறை போகும்போது நோயாளியே மேசையில் சொல்லி எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். தம் விவரங்களை இன்னாரிடம் பேசலாம் என்றும் அவரே சொல்லிப் பதியச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து பேசுபவரிடம் சில மருத்துவமனைகள் விவரம் சொல்ல மாட்டார்கள். அவர்கள் தயங்குவது நோயாளியின் பாதுகாப்புக்காகத்தான்.

உடல்நிலை வரியையும் விட்டுவிடக் கூடாது. கண் சிவந்திருந்தாலோ பீளை தள்ளினாலோ ஊசி போடாமல் திருப்பி அனுப்பக்கூடும். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்த் திரும்புவதைவிட முன்பே சொல்வது மேல். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரையை, ஊசி போடப் போகிறோமே என்று வீட்டில் தாமாக நிறுத்தக் கூடாது. காப்பீட்டில் முன் அனுமதி வாங்கியிருப்பவர்கள், தேதி மாறியதைக் காப்பீட்டு மேசைக்கும் தனியாகச் சொல்ல வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை பதில் வந்தது. ஒரு வாரம்வரை தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நவம்பர் 10, திங்கள் காலை 10 மணி என்று எழுத்தில் உறுதி செய்தார்கள். வெளியூர் போயிருந்த மருமகன் 8ஆம் தேதி திரும்பி, 10ஆம் தேதி மாமனாரை அழைத்துப் போனார். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கருமணியை விரிப்பதால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். அதனால்தான் துணைக்கு ஆள் வேண்டும் என்கிறோம். துணைக்குப் போகிறவர் மகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மகன் 22ஆம் தேதி வந்து, டிசம்பரில் மூன்றாவது ஊசிக்குத் தாமே அழைத்துப் போனார்.

தேதி மாற்றிவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் வீட்டில் ஒன்று செய்யலாம். தினமும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கண்ணால் ஜன்னல் கம்பியையும் சுவர்க் காலண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டே பார்க்கட்டும். கம்பி புதிதாக வளைந்து தெரிந்தாலோ, நேற்றுப் படித்த எழுத்து இன்று தெரியாவிட்டாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் பறந்தாலோ, திரை விழுந்தது போல் மறைத்தாலோ புதிய தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் பேச வேண்டும். ஊசி போட்ட சில நாட்களில் வலி, சிவப்பு கூடி, பார்வை குறைந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அப்போது இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். போனில் மகனைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது.

இந்தச் செய்தியின் மாதிரியை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். எழுதத் தெரியாத பெற்றோர் அட்டையோடு வந்தால் அவர்கள் சார்பில் எழுதி, பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பித் தருகிறோம். அழைத்துப் போக ஆள் இல்லாத வீடுகள் தேதிக்கு மூன்று நாள் முன்பு தெரிவித்தால், இன்ஷா அல்லாஹ், துணைக்கு ஒருவரை ஏற்பாடு செய்ய முயல்வோம்.

— செயலாளர்