‘செல்வி இட்லிப் பொடி’ யாருக்குச் சொந்தம்?

மதுரையில் வீட்டிலேயே இட்லிப் பொடி அரைத்து விற்கிறவர் ஒருவர், பெயர் செல்வி என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டின் மேல் ‘செல்வி இட்லிப் பொடி’ என்ற எழுத்து, பக்கத்தில் அம்மியும் குழவியுமாக ஒரு படம். டிடிபி கடைக்காரர் வரைந்து கொடுத்தது. வியாபாரம் சூடுபிடித்ததும் யாரோ சொல்கிறார்கள்: “காப்பிரைட் வாங்கிடுக்கா, அப்புறம் உங்க பேரை எவனும் தொட முடியாது.”

முடியும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் காப்பது படைப்பை. அம்மிப் படம் படைப்பு. லேபிளின் பின்பக்கம் செல்வி சொந்தமாக எழுதிய பத்தியும் படைப்பு. ‘செல்வி’ என்ற பெயர் அதில் சேராது. அடுத்த தெருக்காரர் வேறு படம் போட்டு அதே பெயரில் பொடி விற்றால், பதிப்புரிமைச் சான்றிதழைக் காட்டித் தடுக்க வழியில்லை.

பெயருக்கு வேண்டியது டிரேட்மார்க், அதாவது வணிகக்குறி. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, TM-A என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். இட்லிப் பொடி 30-வது வகுப்பு. நாளை ஊறுகாயும் போட்டால் அது 29-வது, கட்டணம் தனி. ஆய்வில் தேறினால் டிரேட்மார்க் இதழில் வெளியிடுவார்கள். அதன்பின் நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். பதிவானால் பத்தாண்டு செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

சொந்தப் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. ‘இட்லிப் பொடி’ என்பது பொருளின் பெயர், அது யாருக்கும் தனியுரிமை ஆகாது. மிஞ்சுவது ‘செல்வி’, ஊருக்குப் பத்துப் பேர் வைத்திருக்கும் பெயர். அதே வகுப்பில் இன்னொரு செல்வி ஏற்கெனவே பதிந்திருக்கலாம். பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பதிவு கிடைத்தாலும், தன் சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்தும் வேறொரு செல்வியை 35-வது பிரிவு காப்பாற்றிவிடும். இனிமேல்தான் தொடங்கப்போகிறவர் என்றால், பொடிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்கத்தான் நான் சொல்வேன். ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பவர் பழைய பில்களையும் லேபிள்களையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பதிவில்லாத பெயரையும் ஏமாற்றிப் பயன்படுத்துபவர் மேல் வழக்குப் போடலாம். ஆனால் அந்தப் பெயர் தன்னுடையதாக வாடிக்கையாளரிடம் ஊன்றியிருந்தது என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இதற்கிடையில் பலர் கவனிக்காத ஓட்டை அந்த அம்மிப் படத்தில் இருக்கிறது. காசு கொடுத்ததாலேயே படம் செல்வியுடையது ஆகிவிடாது. வெளியாள் ஒருவர் வரைந்த லோகோவின் பதிப்புரிமை, எழுதிக் கையெழுத்திட்டுத் தராதவரை, பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். எழுதி வாங்கினாலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டோடு முடியும்; இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். எனவே தாளில் படத்தின் விவரம், கொடுத்த தொகை, ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்’ என்ற வாசகம், இருவர் கையெழுத்து எல்லாம் வேண்டும். ஓராண்டு பயன்படுத்தாவிட்டாலும் உரிமை திரும்பிப் போகாது என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளலாம். அது இல்லையென்றால் சட்டம் திருப்பிக் கொடுத்துவிடும்.