பாலம் ஏன் முதலில் உறைகிறது?

வட அமெரிக்க நெடுஞ்சாலைகளில், பாலம் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு மஞ்சள் பலகையைப் பல இடங்களில் பார்க்கலாம். சாலை உறைவதற்கு முன்பே பாலம் உறைந்துவிடும் என்று அதில் எழுதியிருக்கும். கோடையிலும் பல இடங்களில் அது அப்படியே நிற்பதால், பார்த்துப் பழகிய கண்கள் அதைப் படிப்பதில்லை. ஒன்டாரியோவிலோ மிச்சிகனிலோ நவம்பர் மாத அதிகாலையில் கார் எடுக்கிறவர்கள் மட்டுமாவது அந்த வரியை நின்று யோசிக்க வேண்டும். ஒரே ஊர், ஒரே இரவு, ஒரே மழை. பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாலை வெறும் ஈரமாக இருக்க, நடுவில் உள்ள ஐம்பது மீட்டர் மட்டும் ஏன் பனிக்கட்டியாகிறது?

காரின் முகப்பில் தெரியும் எண்ணிலிருந்து தொடங்கலாம். அது 3 டிகிரி என்று காட்டுகிறது. தண்ணீர் 0 டிகிரியில்தான் உறையும். ஆகவே பயமில்லை என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் அந்த எண் காற்றின் வெப்பநிலை. பெரும்பாலான கார்களில் அதை அளக்கும் உணரி முன் பம்பருக்குப் பின்னால் இருக்கிறது. வானிலை நிலையங்களும் தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானியில்தான் அளக்கின்றன. டயர் உருளும் தார்ப்பரப்பு என்ன வெப்பநிலையில் இருக்கிறது என்பதை இந்த இரண்டுமே சொல்வதில்லை. நண்பகல் வெயிலில் தார்ப்பரப்பு காற்றைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். மேகமில்லாத, காற்று அசையாத இரவில் காற்றைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ந்துவிடும். பல கார்கள் 3 அல்லது 4 டிகிரியிலேயே பனிக்கட்டி எச்சரிக்கையைக் காட்டத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். நீலகிரியில் வெப்பமானி பூஜ்யத்துக்கு மேலே நிற்கும்போதே புல்வெளி உறைபனியால் வெளுத்துப் போவதும் இதே கணக்குதான்.

இந்த வேறுபாட்டை உண்டாக்குவது வானம். எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாகத் தன் வெப்பத்தை ஓயாமல் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. 0 டிகிரியில் உள்ள சாலைப் பரப்பு, சதுர மீட்டருக்குச் சுமார் 315 வாட் வீதம் இப்படி இழக்கிறது. வானத்தில் தாழ்வான மேகம் மூடியிருந்தால், அந்த மேகமும் கிட்டத்தட்ட அதே அளவு கதிர்களைத் திருப்பி அனுப்பும். வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாகிவிடும். வானம் தெளிந்திருந்தால் திரும்பி வருவது சுமார் 240 வாட்தான். மீதி 75 வாட் போனது போனதுதான். மார்கழியில் திறந்த வெளியில் நிறுத்திய பைக்கின் சீட் காலையில் பனியில் நனைந்திருப்பதும், அதே வாசலில் கூரைக்கடியில் நிறுத்தியது காய்ந்திருப்பதும் நாம் எல்லோரும் கண்டதுதான். இரண்டு பைக்கையும் சூழ்ந்திருந்த காற்று ஒன்றே. ஒன்று வானத்தைப் பார்த்து நின்றது, மற்றொன்று கூரையைப் பார்த்து நின்றது.

சாலையும் பாலமும் ஒரே வானத்தைத்தான் பார்க்கின்றன. இழப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் காலுக்கடியில் இருக்கிறது. சாலைக்குக் கீழே ஜல்லியும் மண்ணும் மீட்டர் கணக்கில் ஆழமாக இறங்குகின்றன. கோடை முழுக்க உள்வாங்கிய வெப்பம் அங்கே தங்கியிருக்கிறது. நவம்பரில் மேற்பரப்பு குளிர்ந்த பிறகும் முழங்கை ஆழத்தில் மண் சில டிகிரி கதகதப்பாகவே இருக்கும். அந்த வெப்பம் மெல்ல மேலே ஏறி வந்து, சாலை இழப்பதில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. சதுர மீட்டருக்கு 30 வாட் என்று வைத்துக்கொண்டால் அது மிகையல்ல. பாலத்தின் தளத்துக்கு அந்த வரவு கிடையாது. அதன் கீழே இருப்பதும் காற்றுதான். அந்தக் காற்று தளத்தைவிடக் குளிர்ந்துவிட்டால், தளம் அடிப்புறத்திலிருந்தும் வெப்பத்தை இழக்கிறது.

ஒரு இரவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நவம்பர் கடைசி. மாலை மழை எட்டு மணிக்கு ஓய்ந்து, வானம் தெளிகிறது. காற்று 4 டிகிரி; சாலையும் பாலமும் அதே 4 டிகிரி; இரண்டும் நனைந்திருக்கின்றன. பாலத்தின் கான்கிரீட் தளம் 20 சென்டிமீட்டர் தடிமன். அதன் ஒரு சதுர மீட்டர் பரப்பை 1 டிகிரி குளிர்விக்க, சுமார் 430 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். பக்கத்துக் காற்று கொஞ்சம் திருப்பிக் கொடுப்பதைக் கழித்து, நிகர இழப்பு 60 வாட் என்று கொண்டால், மணிக்கு அரை டிகிரி இறங்குகிறது. எட்டு மணி நேரத்தில், அதாவது அதிகாலை நான்கு மணிக்கு, தளம் 0 டிகிரியைத் தொடும். இது தளம் முழுவதற்குமான சராசரி. கான்கிரீட் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால், டயர் படும் மேல்பரப்பு அதற்கு முன்பே பூஜ்யத்துக்கு வந்துவிடும். பக்கத்துச் சாலையோ மண்ணின் 30 வாட் தயவில் அந்த நேரத்தில் இன்னும் ஒன்று, ஒன்றரை டிகிரியில் ஈரமாகவே கிடக்கும். காரின் எண் 2 டிகிரி காட்டும்.

எஃகுத் தளமுள்ள பாலம் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஒரு அங்குலம்கூட இல்லாத எஃகுத் தகடும், அதன் மேல் சில சென்டிமீட்டர் தாரும்தான் அங்கே மொத்தச் சேமிப்பு. அதே இழப்பில் அது மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கும். நள்ளிரவுக்கு முன்பே உறைந்துவிடலாம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சேமிப்பு குறைவு என்பதால் பாலம் சூடாவதும் விரைவுதான். கடுங்குளிர் பல வாரம் நீடித்து, மண்ணும் உறைந்த பிறகு திடீரென வெதுவெதுப்பான காற்று வீசினால், பாலம் முதலில் உருகும், சாலை பிந்தும். அதனால் பாலத்தின் ஆபத்து மிக அதிகமாக இருப்பது பருவத்தின் முதல் உறைபனி இரவுகளில்தான். மண்ணில் வெப்பம் மிச்சமிருக்கும் காலம் அது. ஓட்டுநரின் மனமும் இன்னும் குளிர்காலத்துக்குத் தயாராகாத காலம்.

இனி பனிப்படலத்துக்கு வருவோம். பிளாக் ஐஸ் என்று எல்லோரும் சொல்லும் இது, காற்றுக் குமிழி அதிகமில்லாத மெல்லிய பனிக்கட்டி. வெண்பனி வெளுப்பாகத் தெரிவது அதனுள் சிக்கிய காற்று ஒளியைச் சிதறடிப்பதால். இதில் அது இல்லாததால் ஒளி ஊடுருவிப் போய், அடியில் உள்ள கறுப்புத் தார் தெரிகிறது. பார்த்தால் ஈரச் சாலைதான். மெல்லியதாக இருப்பதே அது வேகமாக உருவாகக் காரணமும். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் போய்த் தீரும்வரை முழுதாக உறையாது. நிகர இழப்பு 50 வாட் என்றால், 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈரப்படலம் பதினோரு நிமிடத்தில் உறைந்துவிடும். 2 மில்லிமீட்டர் தேங்கிய தண்ணீருக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஓரத்தில் தேங்கிய நீர் அலையடிப்பதைப் பார்த்து, இன்னும் எதுவும் உறையவில்லை என்று முடிவு கட்டுவது ஆபத்தானது. உயிரை வாங்குவது குட்டை அல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஈரம்.

தென் கொரியாவில் 2019 டிசம்பர் 14 அன்று இப்படித்தான் நடந்தது. சாங்ஜு–யோங்சோன் விரைவுச்சாலையில், குன்வி பகுதியில், விடியுமுன் லேசான மழைத்தூறல் சாலையில் உறைந்திருந்தது. முன்னால் சறுக்கிய வண்டிகள் மீது பின்னால் வந்தவை வரிசையாக மோதின. எதிர்த் திசையிலும் தனியாக ஒரு தொடர் மோதல் நடந்தது. ஏழு பேர் இறந்தார்கள். கொட்டித் தீர்த்த மழையோ பனிப்புயலோ அல்ல அது, தூறல்.

நிழல் விழும் சாலைகளின் கதை வேறு. அங்கே மண் இருக்கிறது, ஆனால் வெயில் இல்லை. டொரன்டோவில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 டிகிரிதான் உயர்கிறது. பத்து மீட்டர் உயரச் சுவர் ஒன்றின் நிழல் அப்போது 23 மீட்டருக்கு மேல் நீளும். சென்னையில் அதே நாள், அதே சுவரின் நிழல் ஏழு மீட்டரைச் சற்றுத் தாண்டும். அதாவது ஒன்டாரியோவில் சாலையின் தெற்கே நெட்டையான பைன் மரங்களோ, ஒலித் தடுப்புச் சுவரோ, குன்றோ இருந்தால், நாள் முழுக்க இருவழிச் சாலையின் முழு அகலத்துக்கும் வெயில் எட்டாது. இதனால் இரண்டு கேடுகள். பகலில் சேர வேண்டிய வெப்பம் சேராததால், அந்தத் துண்டு மாலையிலேயே குளிர்ந்த நிலையில் இரவுக்குள் நுழைகிறது. நேற்றைய ஈரமும் ஆவியாகாமல் அப்படியே தங்கிவிடுகிறது. போதாததற்கு, வெயில் படும் மேட்டில் பகலில் உருகும் பனி வழிந்து வந்து நிழலில் மறுபடி உறைகிறது.

இதில் ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. மேலே கவிந்த மரக்கிளைகள் இரவில் சாலைக்குக் கூரையாகி, வெப்ப இழப்பைக் குறைக்கின்றன. அதனால் பின்னிரவு மூன்று மணிக்கு மரத்தடிச் சாலை, வெட்டவெளிச் சாலையைவிடக் கதகதப்பாகவே இருக்கலாம். காலை பத்து மணிக்கு நிலைமை தலைகீழ். வெட்டவெளி காய்ந்து கிடக்கும். நிழல் துண்டு மட்டும் உறைந்தபடி காத்திருக்கும். வெயில் கண்ணைக் கூசவைக்கும் காலையில் வளைவைத் திரும்பி நிழலுக்குள் நுழைகிறவர் அதை எதிர்பார்ப்பதில்லை.

ஒரே பாதையில் இடத்துக்கு இடம் இவ்வளவு மாறும் வெப்பநிலையை, வண்டியில் பொருத்திய அகச்சிவப்பு வெப்பமானியுடன் இரவில் ஓட்டிச் சென்று வரைபடமாக்கும் முறை பிரிட்டனில் 1980களில் வளர்ந்தது. எந்த இடத்துக்கு உப்புத் தூவும் லாரி முதலில் போக வேண்டும் என்பதை அது காட்டுகிறது. இன்று நெடுஞ்சாலைத் துறைகள் தார்ப்பரப்பிலேயே உணரிகளைப் பதித்திருக்கின்றன. சாதாரண ஓட்டுநரிடம் இவை எதுவும் இல்லை. அவருக்கு இருப்பது கண்ணும் காதும்தான். சாலை நனைந்தது போலப் பளபளக்கிறது, ஆனால் முன்னால் போகும் வண்டியின் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால், அது தண்ணீர் அல்ல. ஈரச் சாலையில் கேட்கும் டயர் இரைச்சல் சட்டென்று அடங்கி, ஸ்டீயரிங் லேசானால், நீங்கள் ஏற்கெனவே பனிக்கட்டியின் மேல் இருக்கிறீர்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால், காய்ந்த சாலையில் வண்டி 20 மீட்டரில் நிற்கும். பனிக்கட்டியில் அது சுமார் 140 மீட்டர். குளிர்நாடுகளில் வண்டி ஓட்டும் உறவுகள் உங்களுக்கு இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்: காரின் எண் 4 டிகிரிக்குக் கீழே போய்விட்டால், வேகத்தைப் பாலத்துக்கு முன்பே குறைக்க வேண்டும். பாலத்தின் மேல் ஏறிய பிறகு பிரேக்கையும் அழுத்தக் கூடாது, ஸ்டீயரிங்கையும் திருப்பக் கூடாது.