வரையாடுகள் பெருகினவா?

தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. மலையுச்சிப் புல்வெளிகளிலும் செங்குத்துப் பாறைகளிலும் வாழும் இவ்விலங்கு, கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலையிலும் உண்டு. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு வரையாடுகளின் எண்ணிக்கை 1,031 என மதிப்பிடப்பட்டது. மறு ஆண்டில் அது 1,303 ஆயிற்று. இந்த வேறுபாடு உண்மையான பெருக்கத்தைக் காட்டுகிறதா?

இதனை ஆராயும் புள்ளியியல் பயிற்சியாளர் முதலில், இரு கணக்கெடுப்புகளும் ஒரே பரப்பில் நிகழ்ந்தனவா என நோக்க வேண்டும். 2024இல் 140 பகுதிகளிலும் 2025இல் 177 பகுதிகளிலும் கணக்கெடுப்பு நடைபெற்றது. ஒரு பகுதிக்குரிய சராசரியோ இரு ஆண்டுகளிலும் ஏறத்தாழ 7.4 ஆகும். எனினும், வரையாடுகள் பெருகவில்லை என்று இதைக்கொண்டு முடிவுசெய்தலும் பொருந்தாது. பழைய பகுதிகளில் அவை பெருகியிருக்க, புதிய பகுதிகளில் குறைவாகவே இருந்திருக்கலாம். ஆகவே, இரு ஆண்டுகளிலும் ஆராயப்பட்ட பகுதிகளை மட்டுமே ஒப்பிடுதல் வேண்டும்.

அவ்வாறான பத்துப் பகுதிகள் பழனி மலையில் இருப்பதாகக் கொள்வோம். எட்டில் எண்ணிக்கை உயர்ந்து, இரண்டில் குறைந்தது எனவும் கொள்வோம். உண்மையில் மாற்றமே இல்லை என்னும் எடுகோளுடன் சோதனை தொடங்குகிறது. இதுவே இன்மைக் கருதுகோள். அது மெய்யாயின், ஒவ்வொரு பகுதியிலும் ஏற்றமும் இறக்கமும் நாணயச் சுண்டலில் தலையும் பூவும் போலச் சம வாய்ப்புடையன. பத்துப் பகுதிகளுக்கு உரிய விளைவுகள் 2¹⁰, அதாவது 1,024. அவற்றுள் எட்டு ஏற்றங்கள் 45 வகையிலும், ஒன்பது 10 வகையிலும், பத்து 1 வகையிலும் நிகழும். எனவே, எட்டோ அதற்கு மேலோ தற்செயலாக நிகழும் வாய்ப்பு 56/1,024, அதாவது 5.5 விழுக்காடு.

தற்செயல் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் மட்டுமே இன்மைக் கருதுகோளை மறுப்பது பொதுவான மரபு. இவ்வெல்லையைத் தரவுகளைக் காணுமுன்பே வகுத்துக்கொள்ள வேண்டும். எட்டு ஏற்றங்கள் அவ்வெல்லைக்குள் அடங்கவில்லை. ஒன்பதாயின் வாய்ப்பு 11/1,024, ஏறத்தாழ 1.1 விழுக்காடு, அப்போது மறுக்கலாம். மறுக்க இயலாமை, மாற்றமில்லை என்பதற்குச் சான்றன்று. பெருக்கத்தை நிறுவப் பத்துப் பகுதிகள் போதவில்லை என்பதே அதன் பொருள்.

வரையாடுகள் கூட்டமாக வாழ்பவை. ஒரு மந்தை கண்ணில் படாவிடின் எண்ணிக்கை பெரிதும் சரியும். ஆடுகளைத் தனித்தனியே கொள்ளாமல், பகுதியை ஓரலகாகக் கொள்வதால் இச்சோதனை அத்தடுமாற்றத்தைத் தாங்கும். ஆனால், முதலாண்டில் எல்லாப் பகுதிகளையும் மூடுபனி மறைத்து, மறு ஆண்டில் வானம் தெளிந்திருந்தால், பத்திலும் ஏற்றமே தோன்றும். அவ்வேற்றம் ஆடுகள் பெருகியதாலா, பனி விலகியதாலா என்பதைச் சோதனை கூறாது. கணக்கெடுத்த நாளின் வானிலைக் குறிப்பே கூறும்.