படவமைப்பைச் சொல்லில் வடித்தல்: மில்லேயின் ஓவியத்திலிருந்து தேயிலை மலைக்கு

உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதம் நமது இலக்கிய விமர்சனத்தில் நன்கு பழகியதொன்று. ஓவியத்தைப் பொறுத்தவரை அவ்விவாதம் பெரும்பாலும் உள்ளடக்கத்தோடு நின்றுவிடுகின்றது. ஒரு படத்தில் யார் இருக்கின்றனர், என்ன செய்கின்றனர் என்பதைக் கூறுகின்றோம். அவர்கள் சட்டத்தினுள் எங்கே, எந்த அளவில் வைக்கப்பட்டுள்ளனர் என்பதைக் கூறுவதில்லை. ஒரு படத்தின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு வேறொரு பொருளை வரைய முற்படும்போது இக்குறை வெளிப்படுகின்றது. மூலப்படத்தைக் காணாத ஓவியருக்கு அதன் அமைப்பைச் சொற்களால் எவ்வாறு கையளிப்பது? இக்கேள்வியை ஓர் எடுத்துக்காட்டின் துணைகொண்டு இங்கு ஆராய்வோம்.

பிரான்சிய ஓவியர் ஷோன் பிரான்சுவா மில்லே 1857இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்த ‘கதிர் பொறுக்குவோர்’ என்ற ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். இன்று பாரிஸின் ஓர்சே அரும்பொருளகத்திலுள்ள இவ்வோவியம் ஏறத்தாழ 83 சென்ரிமீற்றர் உயரமும் 110 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. அறுவடை முடிந்த வயலில் எஞ்சிய கதிர்களை மூன்று ஏழைப் பெண்கள் பொறுக்குகின்றனர். தொலைவில் வைக்கோற் போர்களும் வண்டியும் அறுவடைக் கூட்டமும் தெரிகின்றன. வலப்புறத்தில் குதிரைமீது ஒரு மேற்பார்வையாளன் இருக்கின்றான்.

மேற்கண்ட மூன்று வாக்கியங்களையும் மட்டும் ஓர் ஓவியரிடம் கொடுத்தால் அவர் நூறு விதமாக வரையலாம். குதிரைக்காரனை முன்னே பெரிதாக நிறுத்தலாம். பெண்களைத் தொலைவில் புள்ளிகளாக்கலாம். ஏனெனில் இவை பொருட்களின் பட்டியலேயன்றி அமைப்பின் விவரணம் அல்ல. ‘சோகம் ததும்பும் காட்சி’ எனச் சேர்த்தாலும் பயனில்லை. சோகம் என்பது அமைப்பினால் விளைவது. அதனை அமைப்பாக வரைய இயலாது.

ஆகவே பொருட்களின் பெயர்களை முதலில் விலக்கிவிட்டு, வடிவம், இடம், அளவு, திசை என்பவற்றை மட்டும் எழுதவேண்டும். இதற்கு உதவுவது மூன்றிலொரு விதி. சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் இவ்விரு கோடுகளால் ஒன்பது கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும் இம்முறையின் தொடக்க வடிவத்தை ஆங்கில ஓவியர் ஜோன் தோமஸ் சிமித் 1797இல் எழுத்தில் முன்வைத்தார். அது அழகுக்கான சட்டமன்று. நமது தேவைக்கு அது ஓர் அளவுகோல். ‘சற்று மேலே’ என்பதற்குப் பதிலாக ‘மேல் மூன்றிலொரு கோட்டில்’ என்று கூற அது இடமளிக்கின்றது.

இனி மில்லேயின் அமைப்பைப் பின்வருமாறு எழுதலாம்:

“அகலம் உயரத்தினும் மூன்றிலொரு பங்கு அதிகம். மேல் மூன்றிலொரு கோட்டையொட்டிக் கிடையான ஒரு விளிம்பு சட்டத்தின் முழு அகலத்துக்கும் ஓடுகின்றது. அதன் கீழ் முழுவதும் ஒரே பரப்பு. அப்பரப்பில், சட்டத்தின் உயரத்தில் ஏறத்தாழ அரைப்பங்கு கொண்ட மூன்று பெரிய வடிவங்கள். இடப்புறமுள்ள இரண்டும் ஒன்றையொன்று ஒத்து வளைந்தவை, அருகருகானவை. வலப்புறமுள்ளது சற்று விலகி, அரைவாசி நிமிர்ந்தது. மூன்றில் எதுவும் கிடைவிளிம்பை ஊடறுத்து மேலெழவில்லை. இடப்புற வடிவங்களின் கோடுகள் கண்ணைக் கீழே இழுக்கின்றன. வலப்புற வடிவத்தின் முதுகு கண்ணை மீண்டும் மேலே அனுப்புகின்றது. அது சென்று சேரும் வலப்புற மேல்மூலையில், விளிம்பையொட்டி, பெரிய வடிவங்களில் பத்திலொரு பங்களவான தனி உருவம். விளிம்பின் இடப்புறத்தில் திரண்ட குவியல்கள். ஒளி பின்னே மிகுதி, முன்னே குறைவு.”

இவ்விவரணத்தில் வயலுமில்லை, பெண்களுமில்லை. எனினும் படத்தின் சமூகப் பொருள் ஏற்கெனவே இதனுள் இருக்கின்றது. உழைப்போர் நம்மருகே பெரிதாக உள்ளனர். ஆயினும் அடிவானம் அவர்களை நிலத்தோடு பிணைத்து வைத்துள்ளது. செல்வமும் அதிகாரமும் தொலைவில், ஒளியில், எட்டாத சிறு உருவங்களாக உள்ளன. மூன்றிலொரு விதியின் எல்லையும் இங்கு புலனாகின்றது. அது விளிம்பின் இடத்தைச் சொல்லும். முன்னுருவுக்கும் பின்னுருவுக்குமுள்ள பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தைச் சொல்லாது. அதனைத் தனியே எழுதாவிடின் படத்தின் உயிர்நாடியே விடுபட்டுவிடும்.

இவ்வமைப்பில் நமது மலையகத்தின் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பொருத்திப் பார்ப்போம். சில இடங்கள் உடனே பொருந்துகின்றன. வைக்கோற் போர்களின் இடத்தில் கொழுந்து மடுவமும் நிறுக்கக் காத்திருக்கும் கொழுந்துக் குவியலும் அமையலாம். குதிரைக்காரனின் இடத்தில் கங்காணி நிற்கலாம். ஆனால் இரு இடர்ப்பாடுகள் எழுகின்றன.

முதலாவது, தேயிலை மலையில் சமதள அடிவானம் இல்லை. சுற்றுலா அஞ்சலட்டைகளில் காண்பதுபோல் பெண்களை மலைமுகட்டில் நிறுத்தினால், அவர்களது தலைகள் வானத்தை ஊடறுத்து எழும். அமைப்பின் கருத்து தலைகீழாகிவிடும். இதற்குப் பரிகாரம், பார்வையைச் சரிவின் கீழிருந்து மேனோக்கி அமைப்பதாகும். அப்போது தேயிலைச் சரிவே பின்புலத்தை நிரப்புகின்றது. மேலே குறுக்காகச் செல்லும் தோட்டத்துப் பாதை கிடைவிளிம்பின் பணியைச் செய்யும். கங்காணி அப்பாதையில் நிற்பான். மலைச்சரிவை வளைந்தேறும் தேயிலை நிரையொன்று, வலப்புறப் பெண்ணிடமிருந்து கண்ணை அவனிடம் கொண்டுசெல்லும். அந்நிரை நடுவழியே சட்டத்தின் ஓரத்தில் முடிந்துவிட்டால் கண்ணும் அங்கேயே வெளியேறிவிடும். எனவே கோடு எங்கே முடிகின்றது என்பதையும் எழுதியே ஆகவேண்டும்.

இரண்டாவது இடர்ப்பாடு இதனினும் பெரிது. கதிர் நிலத்தில் கிடக்கின்றது. கொழுந்தோ இடுப்பளவு செடியின் மேற்பரப்பில் உள்ளது. பறிப்பவள் நிலம்வரை குனிவதில்லை. மில்லேயின் வளைவுக்காக அவளைக் குனியவைத்தால் படம் அமைப்புக்கு உண்மையாகவும் உழைப்புக்குப் பொய்யாகவும் அமையும். ஆகவே வளைவைக் கைவிட்டு, அது செய்த வேலையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். முதுகிலுள்ள கூடையின் கயிறு தலையில் மாட்டப்பட்டிருப்பதால் தலை முன்னோக்கித் தாழ்கின்றது. கைகள் செடியின் மறுபுறம் எட்டுகின்றன. கண் நிலத்துக்குப் பதிலாகச் செடியின் பரப்புக்குள் இழுக்கப்படும். இரண்டு ஒத்த வடிவங்கள், விலகிய மூன்றாவது, மீறப்படாத விளிம்பு என்பன அவ்வாறே நிற்கும்.

விவரணம் போதுமானதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. மூலப்படத்தைக் காணாத ஒருவரிடம் அதனை வாசித்துக்காட்டி, வெறும் கட்டங்களாலும் வளைவுகளாலும் வரையச் செய்யவேண்டும். பின்னர் மூலப்படத்தை ஒளி ஊடுருவும் தாளில் நகலெடுத்து, அதனோடு ஒப்பிட வேண்டும். எங்கே விலகல் உள்ளதோ அங்கே சொல் குறைந்துள்ளது. பெரும்பாலும் அது அளவு விகிதமாகவோ வெற்றிடமாகவோ இருக்கும்; ஏனெனில் நாம் இருப்பதை எழுதுகின்றோம், இல்லாததை எழுத மறக்கின்றோம்.

இறுதியாக ஒன்றைக் குறிப்பிடவேண்டும். அமைப்பை மாற்றாமலே பொருளை மாற்றும்போது கருத்தும் மாறக்கூடும். மில்லேயின் பெண்கள் பொறுக்குவது பிறர் அறுவடையின் எச்சம். தொலைவிலுள்ள போர்கள் அவர்களுடையவையல்ல. கொழுந்து பறிக்கும் பெண்ணின் பின்னே மடுவத்தில் குவிந்திருப்பதோ அவளும் அவளது தோழியரும் பறித்ததே. அதே இடத்தில், அதே தொலைவில், அதே ஒளியில் வைக்கப்பட்டபோதும், முன்னையது இல்லாமையைக் காட்டுகின்றது. பின்னையது உழைப்பின் பயன் உழைத்தவரிடமிருந்து விலகிச் செல்வதைக் காட்டுகின்றது. உருவத்தைத் துல்லியமாக எழுதிப் பார்த்தபின்னரே இவ்வேறுபாடு நமக்குத் தெளிவாகின்றது.