x மறைந்தால் மிஞ்சுவது என்ன?

தெருமுனையில் இரண்டு ஆட்டோக்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆட்டோவில் ஏறியதும் 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய். இரண்டாவதில் ஏறியதும் 30 ரூபாய், கிலோமீட்டருக்கு அதே 18 ரூபாய். எவ்வளவு தூரம் போனால் முதல் ஆட்டோவின் கட்டணம் குறைவாக இருக்கும்?

தூரத்தை x என்று கொண்டால், கேள்வி 50 + 18x < 30 + 18x என்ற அசமன்பாடாகிறது. இருபுறமும் 18x-ஐக் கழித்தால் 50 < 30 என்று நிற்கிறது. x-ஐக் காணோம்! மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான். சிலர் கணக்கே தவறிவிட்டதென்று அழித்துவிடுகிறார்கள்; சிலர் x = 0 என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் கணக்கு சரியாகவே முடிந்திருக்கிறது.

இருபுறமும் ஒரே அளவைக் கழித்தால் எது பெரியது, எது சிறியது என்பது மாறுவதில்லை. ஆகவே முதல் வரி எந்த x-க்காவது உண்மையாக வேண்டுமென்றால், கடைசி வரியும் உண்மையாக வேண்டும். 50 ஒருபோதும் 30-ஐ விடச் சிறியதாகாது. எனவே தீர்வு இல்லை. வரைபடத் தாளில் வரைந்தால் காரணம் கண்ணுக்கே தெரியும்: இரண்டு கட்டணங்களும் ஒரே சாய்வுள்ள இணைகோடுகள். 1 கிலோமீட்டரானாலும் 100 கிலோமீட்டரானாலும் இடைவெளி அதே 20 ரூபாய்.

குறியைத் திருப்பி 50 + 18x > 30 + 18x என்று எழுதினால், மிஞ்சுவது 50 > 30. இது எப்போதும் உண்மை. ஆகவே எல்லா மெய்யெண்களும் தீர்வு. ஆட்டோ எதிர்மறைத் தூரம் ஓடாது என்பது நடைமுறைக் கட்டுப்பாடு. அசமன்பாட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டால் சமக்குறிதான் முடிவைத் தீர்மானிக்கும். 3(x − 2) > 3x − 6 என்பதில் அடைப்பை விரித்தால் இருபுறமும் ஒன்றே; −6 > −6 பொய், தீர்வு இல்லை. அங்கேயே ≥ போட்டால் −6 ≥ −6 உண்மை, எல்லா மெய்யெண்களும் தீர்வு.

இனி, பார்வைக்கு இதே போலத் தோன்றும் ஒரு பொறி. 5x > 3x என்பதை இருபுறமும் x-ஆல் வகுத்தால் 5 > 3 என்று வரும். உடனே 'எல்லா எண்களும் தீர்வு' என்று எழுதத் தோன்றும். x = −1 என்று போட்டுப் பாருங்கள்: −5 > −3. பொய்! x-இன் மதிப்பு தெரியாமல் அதனால் வகுத்ததே பிழை. அது எதிர்மறை எண்ணானால் குறி திரும்ப வேண்டும். பூச்சியமானால் வகுக்கவே முடியாது. வகுக்காமல் 3x-ஐக் கழித்தால் 2x > 0, அதாவது x > 0. இங்கே 5-உம் 3-உம் வெவ்வேறு சாய்வுகள் என்பதால், கோடுகள் பூச்சியத்தில் வெட்டிக்கொள்கின்றன. அந்தப் புள்ளிக்கு வலப்புறம் மட்டுமே 5x மேலே நிற்கிறது.