மெனு அரபியில் இருக்கா? எழுத்தைப் பெரிதாக்கலாம், வாங்க!

வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் தான் பயன்படுத்திய ஆண்ட்ராய்டு போனை ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் கொடுத்தனுப்புகிறார். மெனு முழுக்க அரபி. எழுத்தோ எறும்பு ஊர்வது மாதிரி. பேங்க்கிலிருந்து வரும் மெசேஜில் எடுத்தது ஐந்நூறா, ஐயாயிரமா என்று தெரிய வேண்டுமே!

இங்கே வார்த்தையைத் தேடாமல் படத்தைத் தேடினால் போதும். பல்சக்கரப் படம்தான் செட்டிங்ஸ். அதற்குள் கையை விரித்து நிற்கும் மனித உருவம் இருக்கும். அதைத் தொட்டு உள்ளே போனால், சிறிய A, பெரிய A படங்களோ கூட்டல், கழித்தல் குறிகளோ கொண்ட நகர்த்துப் பட்டை ஒரு பக்கத்தில் இருக்கும். அரபி வலமிருந்து இடமாகப் போகும் மொழி என்பதால் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும். பட்டையை இடப்பக்கம் இழுத்தால்தான் எழுத்து பெரிதாகும். மேலே உள்ள மாதிரி வரிகள் உடனே மாறும். அதைப் பார்த்துக்கொண்டே இழுங்கள்.

பெரும்பாலும் இரண்டு பட்டைகள் இருக்கும். ஒன்று எழுத்துக்கு மட்டும். மற்றது ஐகான்களையும் சேர்த்துப் பெரிதாக்கும். இரண்டையும் கடைசிவரை இழுத்தால் சில ஆப்களில் பட்டன்கள் திரைக்கு வெளியே போய்விடும். எழுத்தை நன்றாகக் கூட்டி, மற்றதை ஒரே ஒரு படி ஏற்றினால் போதும்.

அங்கே புரியாத ஸ்விட்ச் எதையும் தட்டிப் பார்க்காதீர்கள். திரையை வாசித்துக் காட்டும் ‘டாக்பேக்’ அங்கேதான் இருக்கிறது. அது ஆன் ஆனால் போன் பேசத் தொடங்கும், தொட்ட இடத்தைச் சுற்றிக் கட்டம் விழும், ஒருமுறை தட்டினால் எதுவும் திறக்காது. போன் கெட்டுவிட்டதென்று பலர் கடைக்கு ஓடுவது இதனால்தான். அணைக்க, அந்த ஸ்விட்சை ஒருமுறை தொட்டுவிட்டு, பிறகு வேகமாக இருமுறை தட்டுங்கள். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல்கள் வேண்டும்.

அடுத்து மொழி. பல போன்களில் இதற்கு உலக உருண்டைப் படம் இருக்கும். மெனு எந்த மொழியில் இருந்தாலும், மொழிப் பட்டியலில் ‘தமிழ்’ தமிழிலேயே எழுதியிருக்கும். கூட்டல் குறியைத் தொட்டு அதைச் சேர்க்கலாம். சேர்த்தும் மெனு மாறவில்லையா? தமிழ் இரண்டாவது இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம். அதன் ஓரத்தில் உள்ள சிறு கோடுகளை அழுத்திப் பிடித்து முதலிடத்துக்கு இழுத்துவிடுங்கள்.

இனி மற்றவற்றைப் படித்தே செய்யலாம். அந்த மனித உருவத்துக்குப் பக்கத்தில் இப்போது தமிழில் பெயர் இருக்கும். கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் வெளிறிய சாம்பல் எழுத்துகள் அழுத்தமான கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாறும். ஆனால் போட்டோவாக வரும் கல்யாணப் பத்திரிகையில் எந்த மாற்றமும் வராது. எழுத்தளவுப் பட்டையும் அங்கே உதவாது. அதற்குத்தான் ஜூம். மும்முறை தட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தால், அந்த இடம் பெரிதாகும். இரண்டு விரல்களால் நகர்த்தலாம். என்றாவது திரையின் ஒரு மூலை மட்டும் பெரிதாக நின்றுவிட்டால் பதற வேண்டாம். மறுபடி மும்முறை தட்டுங்கள், பழைய நிலைக்கு வந்துவிடும்.