பச்சிளம் குழந்தையின் மணமும் பாட்டிலில் வரும் வாசமும்

பிறந்த குழந்தையைக் கையில் வாங்கியதும் பலர் அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்து முகர்வார்கள். அந்த மணம் ஏன் மனத்தை இளக்குகிறது என்பதற்கு 2013இல் வெளியான ஓர் ஆய்வு விடை தேடியது. குழந்தைகள் போட்டிருந்த சட்டைகளை 30 பெண்களிடம் முகரக் கொடுத்து, அப்போது அவர்களது மூளையை ஸ்கேன் செய்தார்கள். பாதிப் பேர் அண்மையில் பிள்ளை பெற்றவர்கள். மீதிப் பேர் தாயாகாதவர்கள். சட்டைகள் யாரோ பெற்ற குழந்தைகளுடையவை. இருந்தும் பசித்தவருக்குச் சோறு கிடைத்தால் தூண்டப்படும் மூளைப் பகுதி அந்த மணத்துக்கும் தூண்டப்பட்டது. தாய்மார்களிடம் அது இன்னும் வலுவாக இருந்தது.

தன் குழந்தையின் மணத்தைத் தாய் வெகுவிரைவில் பிரித்தறிந்துவிடுகிறாள். 1987இல் வெளியான இன்னோர் ஆய்வில், குழந்தையோடு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருந்த தாய்மாரில்கூடப் பத்தில் ஒன்பது பேர் முகர்ந்தே தம் பிள்ளையைச் சரியாகச் சொன்னார்கள்.

குழந்தையும் தாயை மூக்கால்தான் தேடுகிறது. 1994இல் பதிவான ஒரு சோதனையில், பிரசவம் முடிந்ததும் தாயின் ஒரு மார்பை மட்டும் கழுவிவிட்டு, குழந்தையை நெஞ்சின் மேல் கிடத்தினார்கள். 30 குழந்தைகளில் 22 குழந்தைகள் கழுவாத மார்பையே நாடின. பால் குடிக்கப் பழகும் முதல் நாட்களில் தாய் மார்பில் சென்ட்டோ வாசனைக் கிரீமோ பூசாமல் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பிறந்த உடலில் பனிக்குடநீரின் ஈரமும், வெர்னிக்ஸ் எனப்படும் வெண்மையான மெழுகுப் பூச்சும் ஒட்டியிருக்கும். அழுக்கென்று நினைத்து இதைத் தேய்த்து எடுப்பவர்கள் உண்டு. உண்மையில் தோல் வறளாமல் காப்பது இந்தப் பூச்சுதான். முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிவைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வாசனைப் பொருள்களுக்கு வருவோம். பச்சிளம் தோல் மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் அதன் பரப்பும் பெரியவர்களைவிட அதிகம். பூசுவது எளிதில் உள்ளே போகும். தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள்களில் வாசனைச் சேர்மங்கள் முன்வரிசையில் இருக்கின்றன. லேபிளில் 'ஃபிராக்ரன்ஸ்' அல்லது 'பர்ஃப்யூம்' என்ற ஒரே சொல்லுக்குள் பல வேதிப்பொருள்கள் அடங்கியிருக்கலாம். 'அன்சென்டட்' என்று போட்டிருந்தாலும் நம்பிவிட முடியாது. மூல நெடியை மறைக்க வேறொரு மணத்தைச் சேர்த்திருப்பார்கள். 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருக்கிறதா எனப் பார்ப்பதோடு, பொருள்களின் பட்டியலையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஒரு மாதக் குழந்தையின் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் சிவந்து தடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே புதிதாக ஒரு லோஷன் வாங்கத் தோன்றும். அதற்கு முன் சிவப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மடிப்புகளில் இருந்தால், வியர்வையோடு பவுடரையும் சந்தேகிக்கலாம். பிட்டத்தில் என்றால் வாசனை வைப்ஸ். சட்டை இறுக்கும் இடத்தில் என்றால் துணி சோப்பு அல்லது துணிக்குப் போடும் கண்டிஷனர். வாசனையுள்ள எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டிப் பாருங்கள். தோல் தெளிந்த பிறகு எதுவும் தேவைப்பட்டால் ஒவ்வொன்றாகச் சேருங்கள்; எதைச் சேர்த்ததும் சிவப்பு திரும்புகிறதோ அதை விட்டுவிட வேண்டியதுதான். தடிப்பில் நீர் கசிந்தாலோ, கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ காத்திருக்கக் கூடாது, மருத்துவரிடம் காட்டுங்கள்.

பவுடரால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் நுண்தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். குளிப்பாட்டியதும் மெல்லிய பருத்தித் துணியால் மடிப்புகளை ஒற்றி எடுத்தால் போதும். தலை உலரச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் வேண்டாம். எந்தப் புகையும் சின்ன மூச்சுக்குழாய்க்குக் கேடு.

பலரும் யோசிக்காத ஒன்று, செயற்கை வாசம் நோயின் அறிகுறியையும் மறைத்துவிடும் என்பது. தொப்புள்கொடி அடியில் துர்நாற்றம் வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். சிறுநீரில் கருகிய சர்க்கரைப் பாகின் மணம் வந்தால் அரிய வளர்சிதைமாற்றக் கோளாறாக இருக்கக்கூடும். இரண்டுக்கும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பவுடரும் கொலோனும் மணக்கும் உடலில் இவை எப்படித் தெரியும்?

பிள்ளை பார்க்கப் போகும்போது பவுடரும் சோப்பும் லோஷனும் அடுக்கிய பரிசுப் பெட்டியை வாங்கிப் போவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அடுத்த முறை அந்தப் பணத்துக்கு நான்கு பருத்திச் சட்டைகள் வாங்கிக் கொடுங்கள்; குழந்தைக்குப் பயன்படும்.